ஜூன் முப்பது வரை

என் வேலை போகப் போகிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் கடிதத்தை நானேதான் டைப் அடித்தேன்.

1987, மே மாதக் கடைசி. ஜெராமிலிருந்து கோல சிலாங்கூர் போகும் சாலையில் சுங்கை மெர்பாவ் தோட்டத்தின் குரூப் ஆபீஸ். பாமாயில் எடுக்கும் நாலு செம்பனைத் தோட்டங்களுக்கும் அதுதான் தலைமை. பதினாலு மாதமாக அங்கே நான் தற்காலிக டைப்பிஸ்ட். நாலு தோட்டத்து ஸ்டோர்களிலிருந்தும் வாரா வாரம் சரக்கு அட்டைகள் வரும். உரம், களைக்கொல்லி, அரிவாள், டிராக்டர் உதிரி எல்லாமாக அறுநூற்று நாற்பது சாமான். எத்தனை வந்தது, எத்தனை போனது, எத்தனை மிச்சம் என்று அவ்வளவையும் ஒரே பட்டியலாக டைப் அடித்து கே.எல். என்கிற கோலாலம்பூர் தலைமையகத்துக்கு அனுப்புவது என் வேலை. அடித்து முடிக்கும்போது அடுத்த வாரத்து அட்டைகள் வந்துவிடும்.

ஆபீசின் தலைமை எழுத்தர், பெரிய கிராணி உடையப்பன், இரண்டு தாள்களை என் மேசையில் வைத்தார். முப்பத்தொரு வருட சர்வீஸ். சிரிப்பதற்குக்கூட மேனேஜர் கையெழுத்து கேட்பார் என்று ஆபீசில் பேச்சு.

"ரெண்டும் கே.எல்.லேருந்து வந்திருக்கு. மொதல்ல சர்க்குலர். ஸ்டென்சில்ல அடி. ரெண்டாவது லெட்டரு. அதுக்கு ரெண்டு கார்பன் வையி," என்றார். என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். எப்போதுமே பார்க்க மாட்டார் என்பதால் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

சர்க்குலர் ஊழியர் அனைவருக்கும். ஸ்டோர் கணக்குக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் வருகிறது. ஜூன் 22 முதல் சரக்கு அட்டைகள் கிடையாது. ஒவ்வொரு சாமானுக்கும் ஆறு இலக்கக் கோட். ஸ்டோர்காரர்கள் அதைப் புது ஃபாரத்தில் எழுதிக் குரூப் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். இங்கே கம்ப்யூட்டரில் ஏற்றினால் மிச்சம் தானாக வந்துவிடும். பயிற்சி ஜூன் 9 முதல் 12 வரை, நாளுக்கு ஒரு தோட்டம், காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. உதவிக்கு மிஸ்டர் ஓங், கே.எல்., டெலிபோன் நம்பர் இது.

இரண்டாவது கடிதம் நாலே வரி. புரோகிராம் ஓடத் தொடங்கியதும் சரக்குப் பட்டியல் டைப் அடிக்க ஆள் தேவையில்லை. ஆகவே பெரிய கிராணியின் சிபாரிசின் பேரில் தற்காலிக டைப்பிஸ்ட் மிஸ் என். திலகம் ஜூன் 30 உடன் நிறுத்தப்படுகிறார்.

என் பெயரை நானே அடித்தேன். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. எனக்குக் கோபம் வந்தால் கை நடுங்காது, வேகம்தான் கூடும். அன்று மத்தியானத்துக்குள் இரண்டு நாள் வேலையை முடித்துவிட்டேன்.

இந்த வேலைக்கு வருமுன் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் இரண்டு வருடம் இருந்தேன். ஒரு அறையில் ஆறு பேர், இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் பாய் இன்னும் சூடாக இருக்கும். இங்கே எனக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. ஜன்னல் பக்கம். ஜெராமிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். அந்த நாற்காலியை விட்டுவிட எனக்கு மனமே இல்லை.

எங்கள் ஆபீசில் சர்க்குலர் போகும் விதத்தைச் சொல்ல வேண்டும். சர்க்குலர் புக் என்று கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்று உண்டு. இடது பக்கம் சர்க்குலரை ஒட்டுவோம். வலது பக்கம் ஊழியர்களின் பெயர்கள், இருபத்து மூன்று. பியூன் சோமு அதை மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோவார். அவரவர் பெயருக்கு நேரே கையெழுத்து, தேதி, அவ்வளவுதான். வேறு ஒரு சொல் எழுதுவது வழக்கமே இல்லை. கடைசியில் பெரிய கிராணி கையெழுத்துப் போட்டு அடியில் கோடு கிழிப்பார். அந்தப் பெயர்ப் பட்டியலையும் ஒவ்வொரு தடவையும் நான்தான் அடித்து ஒட்டுவேன். அதில் என் பெயர் கிடையாது. தற்காலிகத்துக்கு சர்க்குலர் இல்லை.

இருபத்து மூன்று கையெழுத்தும் இரண்டே நாளில் வந்துவிட்டன. ஜூன் 9 காலை மிஸ்டர் ஓங் கம்ப்யூட்டரோடு வந்து இறங்கினார். கண்ணாடி போட்ட, அவசரமாகப் பேசும் மனிதர். நாற்காலிகளை நான் வரிசையாகப் போட்டேன். வருகைப் பதிவும் காப்பியும் என் பொறுப்பு. மணி ஒன்பது ஆயிற்று. ஒன்பதரை, பத்து ஆயிற்று. ஒருவரும் வரவில்லை.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மறைக்க என்ன இருக்கிறது? யாரும் கற்றுக்கொள்ளாவிட்டால் இந்தப் பெட்டியை வந்த வழியே கட்டி அனுப்பிவிடுவார்கள், என் நாற்காலி தப்பும். காப்பியை நானே குடித்தேன்.

சும்மா உட்கார ஓங்குக்குப் பொறுக்கவில்லை. "நீயாவது வந்து உட்கார்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். உட்கார்ந்தேன். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. மெனுவில் ஐந்து வரி: வரவு, செலவு, மிச்சம், அறிக்கை, நகல். இரண்டாம் எண்ணைத் தட்டினால் கோட் கேட்கும். ஃபாரத்தைப் பார்த்து யூரியாவின் கோட் நம்பரை அடித்தேன். அப்படி ஒரு கோட் இல்லை என்றது. மறுபடி அடித்தேன், இல்லை என்றது. திரையில் இருப்பதும் தாளில் இருப்பதும் என் கண்ணுக்கு ஒன்றாகவே இருந்தன.

ஓங் என் விரலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எங்கள் பழைய டைப்ரைட்டரில் ஒன்று என்ற எண்ணுக்குத் தனி விசையே இல்லை. சின்ன எல் எழுத்தைத்தான் தட்டுவோம். தாளில் பார்க்க ஒன்று மாதிரியே விழும். ஆனால் கம்ப்யூட்டருக்கு எல் வேறு, ஒன்று வேறு. மேல் வரிசையில் ஒன்றுக்கு என்றே ஒரு விசை இருந்தது. அதைத் தட்டியதும் யூரியா, மூட்டை, மிச்சம் நூற்றுப் பன்னிரண்டு என்று வந்து நின்றது. நான் அரை நாள் கூட்டிக் கழித்து அடிப்பதை அது கண் சிமிட்டும் முன் செய்தது. எனக்கு அதன்மேல் ஆத்திரமாகவும் இருந்தது, பிடித்தும் போயிற்று.

இரண்டாம் நாளும் அதே கதை. ஆறு நாற்காலி, நான் ஒருத்தி. சரக்கு வரவு, தவறாக ஏற்றியதைத் திருத்துவது, சாயங்காலம் எல்லாவற்றையும் டிஸ்கில் நகல் எடுத்துக் கிழமை எழுதி வைப்பது, எல்லாம் படித்தேன். பன்னிரண்டு மணிக்கு ஓங் திரையை அணைத்துவிட்டு, "ஊழியர்களுக்கு ஆர்வமில்லை என்று ரிப்போர்ட் எழுதப் போகிறேன்" என்று சொல்லிக் கோல சிலாங்கூருக்குச் சாப்பிடப் போய்விட்டார்.

பன்னிரண்டே முக்காலுக்கு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இரண்டாம் தோட்டத்து ஸ்டோர்காரர் தனபாலன். நல்ல மழை. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. பிளாஸ்டிக் பையில் சுற்றிய நோட்டுப் புத்தகம் மட்டும் நனையவில்லை.

"கிளாஸ் முடிஞ்சிருச்சா, தங்கச்சி?"

"ஒம்பது மணிக்கே ஆரம்பிச்சாச்சு அண்ணே. நீங்க ஏன் இப்ப வரீங்க?"

"ஒம்பது மணிக்கு நான் எப்படி வர்றது லா? காலைல பிரட்டுல ஆள் கணக்கு எடுத்து முடிஞ்சதும் களைக்கொல்லி மருந்து குடுக்கணும். மருந்தடிக்கிற பொம்பளைங்க பன்னெண்டு மணிக்குப் பம்ப்பத் திருப்பிக் கொண்டாருவாங்க. எண்ணி வாங்கிப் பூட்டணும். சாவிய வேற ஆளு கையில குடுக்கக் கூடாதுன்னு ரூலு. பூட்டின கையோட வர்றேன், பதினாலு மைலு."

"அப்ப ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "சர்க்குலர் புக் வந்தா கையெழுத்துப் போடாம என்னா செய்யிறது?"

நோட்டைத் திறந்து காட்டினார். முதல் பக்கத்தில் கம்ப்யூட்டர் என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். மீதியெல்லாம் வெறும் தாள்.

எனக்கு முகம் சுட்டது. ஆர்வமில்லையாம்! இந்த மனிதருக்கு ஆர்வமில்லை என்று கே.எல்.லில் படிக்கப் போகிறார்கள். இரண்டு நாளாக அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது நான். தோட்டத்துக் காலை வேளை எப்படி இருக்கும் என்று தெரிந்தவள்தான் நான். என் அம்மா நல்லம்மாள் இருபது வருடமாகப் பிரட்டுக்குப் போகிறாள். நேரம் தப்பு என்று ஸ்டென்சில் அடிக்கும்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் இருந்தது, வாயைத்தான் திறக்கவில்லை.

தனபாலன் அண்ணனுக்குத் துண்டு கொடுத்துவிட்டு நேரே பெரிய கிராணியிடம் போனேன்.

"ஐயா, காலைல ஸ்டோர்காரங்க யாரும் வர முடியாது. வேலைய மேற்பார்க்கிற கண்டக்டருங்க எல்லாம் செம்பனைக் காட்டுல இருப்பாங்க. இது ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"கே.எல்.காரன் எழுதினத நான் திருத்தறதா? கையெழுத்துப் போட்டாங்க, வரல. அது அவங்க பாடு." அவர் பேனா மூடியைத் திருகினார். "ஒனக்கு என்னாம்மா அதுல அக்கறை?"

நியாயமான கேள்வி. இந்தப் புரோகிராம் நின்றால் எனக்குத்தான் லாபம். அவருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். என் இடத்துக்கு வந்தேன். தாளைப் போட்டுப் புது அட்டவணை அடித்தேன். ஜூன் 16 முதல் 19 வரை, மத்தியானம் இரண்டரை மணி. வெள்ளிக்கிழமைக்கு வரவேண்டிய நாலாம் தோட்டத்தில் மூன்று மலாய்க்காரர்கள், மசூதிக்குப் போய் வருவார்கள். அன்றைக்கு மட்டும் மூன்று மணி. அதை மேனேஜர் நம்பியாரிடம் நீட்டி, மழையில் நின்றவரைப் பற்றியும் சொன்னேன். அவர் ஜன்னல் வழியே பார்த்தார். தனபாலன் அண்ணன் வராந்தாவில் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். நம்பியார் மேசையிலிருந்து சாவியை எடுத்து டெலிபோன் டயலில் தொங்கிய சின்னப் பூட்டைத் திறந்து கே.எல்.லுக்குப் பேசினார். ஓங்குக்கும் சம்மதம். மிச்சமிருந்த இரண்டு காலை வகுப்பும் ரத்து.

அடுத்த வாரம் இருபத்து மூன்று பேரும் வந்தார்கள். பெரிய கிராணிகூடப் பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓங் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளுவார், நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்வேன்.

"அரிவாளுக்கு மூனு கோட் இருக்கு அண்ணே. மலேசியாப் பிடி, சீனாப் பிடி, பிடி இல்லாதது. கடைசி நம்பர் மாறும், பாத்து எழுதுங்க."

"எல்லாம் அரிவாதானே லா?"

"வெட்டறவங்க கிட்ட கேட்டுப் பாருங்க, ஒன்னான்னு."

சிரித்தார்கள். எல்லோரும் ஒருவர் மாற்றி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சாமானாவது தேடிப் பார்த்தார்கள். பெரிய கிராணி மட்டும் "நான் அப்புறம் பாத்துக்கிறேன்" என்றுவிட்டார். அந்த நாலு நாளும் எனக்குச் சுகமாக இருந்தது. சாயங்காலம் பஸ்ஸில் உட்காரும்போதுதான், நன்றாகக் குழி தோண்டிக்கொண்டிருக்கிறாய் திலகம், என்று தோன்றும்.

சனிக்கிழமை கடைசி சர்க்குலர். 22ஆம் தேதி முதல் புரோகிராம் நடைமுறைக்கு வருகிறது, ஃபாரங்களைப் பத்து மணிக்குள் சோமுவிடம் கொடுக்கவும், உதவிக்கு மிஸ்டர் ஓங், கே.எல். நம்பர். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நாலு தோட்டத்து ஆபீசிலும் டெலிபோன் டயலில் பூட்டு. கே.எல்.லுக்குப் பேசுவதென்றால் மேனேஜர் சாவி தர வேண்டும். அங்கிருந்து குரூப் ஆபீசுக்கு மட்டும் சாவி இல்லாமல் பேச நேர் லைன் உண்டு. ஒரு கோட் தெரியவில்லை என்பதற்காக எந்த ஸ்டோர்காரர் மேனேஜர் முன்னால் போய் நிற்பார்?

அதனால் அடியில் ஒரு வரி சேர்த்தேன். "அல்லது குரூப் ஆபீசில் திலகத்தைக் கேட்கவும். ஜூன் 30 வரை."

அந்தக் கடைசி மூன்று சொல்லும் வீம்பு. எல்லார் கண்ணிலும் படட்டும் என்றுதான் அடித்தேன்.

நம்பியார் பேனாவை எடுத்தவர் அங்கே வந்து நின்றார். "இது எந்தா, ஜூன் முப்பது வரை?"

"அன்னிக்குத்தான் என் கடைசி நாளு, சார்."

அவர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டார். சோமு புக்கை அன்றே எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

திங்கட்கிழமை, 22ஆம் தேதி. பத்தரைக்கு நாலு தோட்டத்து ஃபாரங்களும் வந்து சேர்ந்தன. முதல் நாள் என்பதால் தானே ஏற்றுவதாகப் பெரிய கிராணி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நான் மூன்று முழம் தள்ளி என் நாற்காலியில். டைப் அடிக்க ஒன்றுமில்லை. அட்டைகள் போய்விட்டன. வெறும் கையோடு உட்கார்ந்திருந்தேன்.

அவர் அடித்தார். பீப் என்றது. மறுபடி அடித்தார், மறுபடி பீப். ஃபாரத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தார். சட்டைக் காலரைத் தளர்த்தினார். எழுந்து டெலிபோன் பக்கம் போனார். மேனேஜர் காட்டுக்குப் போயிருந்தார், சாவியும் அவரோடு. திரும்பி வந்து உட்கார்ந்து ஒரு தடவை மெதுவாக, ஒரு தடவை வேகமாக அடித்தார். பீப், பீப்.

என்ன தப்பு என்று முதல் பீப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. என் பெயரைச் சிபாரிசு பண்ணி அனுப்பியவர் அல்லவா, கொஞ்சம் வேகட்டும் என்று கால் மணி நேரம் ஜன்னல் வழியே செம்பனை மரங்களைப் பார்த்தேன். அந்தக் கால் மணி நேரம் எனக்கு ரொம்பவும் இனித்தது. அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

டெலிபோன் அடித்தது. பெரிய கிராணி எடுத்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. "ஒனக்குத்தான்," என்று நீட்டினார்.

தனபாலன் அண்ணன். "தங்கச்சி, டிராக்டர் வடிகட்டிக்குக் கோட் புஸ்தகத்துல ரெண்டு இருக்கே?"

"ஒன்னு எண்ணெய்க்கு, ஒன்னு டீசலுக்கு அண்ணே. டப்பாவுல படம் இருக்கும், பாருங்க. டீசலுதா? அப்ப கடைசி நம்பர் ஏழு." வைத்துவிட்டுத் திரும்பினால் மறுபடி மணி. இப்போது நாலாம் தோட்டத்திலிருந்து. அதையும் சொல்லி முடித்தேன்.

பெரிய கிராணி திரையைப் பார்த்தபடியே இருந்தார். காதோரம் வேர்வை வழிந்தது. ஐம்பத்து மூன்று வயது மனிதர், ஒரு டைப்பிஸ்ட்டிடம் கேட்க நாக்கு எழாமல் உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. கோபத்தை எவ்வளவு நேரம்தான் கையில் பிடித்துக்கொண்டிருப்பது?

கிட்டே போய், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னேன்: "ஐயா, ஒன்னுக்கு மேல் வரிசையில தனியா ஒரு பட்டன் இருக்கு. எல் அடிக்காதீங்க."

அவர் குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, போட்டு, மறுபடி பார்த்தார். ஒரு விரலால் அந்த விசையைத் தட்டினார். யூரியா வந்தது.

"முப்பத்தொரு வருசமா இந்த வெரலு எல்லுக்குத்தான் போவுது," என்றார். பிறகு, "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"மொத நாளு நானும் அதான் செஞ்சேன், ஐயா."

அவர் எழுந்து நாற்காலியை விட்டு நகர்ந்தார். "நீ அடி. நான் படிக்கிறேன்."

மத்தியானத்துக்குள் நாலு தோட்டமும் முடிந்தது. அந்த வாரம் முழுவதும் அப்படித்தான். அவர் படிப்பார், நான் ஏற்றுவேன். நடுவில் டெலிபோன் மணி. சாயங்காலம் டிஸ்கில் நகல் எடுத்துக் கிழமை எழுதிப் பெட்டியில் வைப்பேன். வெள்ளிக்கிழமை டிஸ்கை வைத்தபோது, அடுத்த வெள்ளிக்கு இதை யார் எடுப்பார்கள் என்று நினைத்தேன். பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை காலை சோமு சர்க்குலர் புக்கைக் கொண்டுவந்தார். வழக்கமாக இரண்டு நாளில் திரும்புவது, இந்தத் தடவை ஒரு வாரம் ஆகியிருந்தது. அதைப் பெரிய கிராணி மேசையில் வைத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றார்.

"ஏன் நிக்கிற?"

"பாருங்க ஐயா. நான் ஒன்னும் செய்யல. நவமணி அக்காதான் எழுதிக் குடுத்தாங்க, ஏன்னு கேட்டதுக்குத் தனபாலன் எழுதியிருக்காரே, நீ அதக் கேட்டியான்னாங்க. அப்புறம் எல்லாரும் கேட்டு வாங்கி வச்சிக்கிட்டாங்க."

நவமணி அக்கா மூன்றாம் தோட்டத்து கிராணி. அதிர்ந்து பேசாதவர்.

பெரிய கிராணி புத்தகத்தைத் திறந்தார். கையெழுத்து, தேதி தவிர வேறொன்றும் இருக்கக் கூடாத அந்தப் பக்கத்தில், தனபாலன் அண்ணன் பெயருக்கு நேரே, கையெழுத்தை அடுத்து, நீல மையில் இருந்தது: "ஜூன் 30க்குப் பிறகு யார்?" அதற்குக் கீழே நவமணி அக்கா, "ஜூன் 30க்குப் பிறகு யார்?" அதற்குக் கீழே இன்னொருவர். சிலர் ஆங்கிலத்தில், ஒருவர் மலாயில். ஒரு கண்டக்டர் சோம்பேறித்தனமாக "மேலே உள்ளபடி" என்று போட்டிருந்தார். ஒரு பெயர்கூட விடாமல் இருபத்திரண்டு பேர்.

நான் என் இடத்திலிருந்தே தலைகீழாக அதைப் படித்துவிட்டேன். டைப்பிஸ்ட்டுக்கு அது பழக்கம். கண்ணில் தண்ணீர் வந்ததும் மேலே படிக்க முடியவில்லை.

பெரிய கிராணி பக்கத்தின் அடிவரை விரல் வைத்துப் படித்தார். கடைசிப் பெயர் அவருடையது, அதற்கு நேரே வெற்றிடம். பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார். அடியில் கோடு கிழிப்பார் என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. குனிந்து இன்னும் ஏதோ எழுதினார். புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நம்பியார் டெலிபோன் பூட்டைத் திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கே.எல்.லுக்கு நீளமாகப் பேசினார். முக்கால் மணி கழித்துப் பெரிய கிராணி வெளியே வந்து, தன் கையால் எழுதிய ஒரு தாளை என் மேசையில் வைத்தார். இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்தார்.

"சர்க்குலர். ஸ்டென்சில்ல அடி."

ஊழியர் அனைவருக்கும். கடந்த சர்க்குலர் தொடர்பாக எழுந்த கேள்விக்குப் பதில். ஸ்டோர் புரோகிராம் உதவிக்கு மிஸ் என். திலகம், கம்ப்யூட்டர் கிளார்க், குரூப் ஆபீஸ். ஜூலை 1 முதல்.

"வரை" என்று எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

"ஐயா, இதுல முடியிற தேதி..."

"கிடையாது," என்றார். "என் சிபாரிசத் திருப்பி எடுத்துக்கிட்டேன். அடி, மணியாவுது."

ஸ்டென்சிலைச் செருகினேன். என் பெயரிலேயே இரண்டு இடத்தில் பிசகி, ஸ்டென்சிலுக்கான சிவப்பு மருந்து தடவித் திருத்த வேண்டியதாயிற்று. ஜூலை அடித்து, ஒன்றுக்கு விரல் தானாக மேல் வரிசைக்குப் போனது. அங்கே அந்த விசை இல்லை. இது பழைய மெஷின் அல்லவா? சின்ன எல்லைத் தட்டினேன். தாளில் ஒன்று மாதிரியே விழுந்தது.

சர்க்குலரைப் புக்கில் ஒட்டினேன். வழக்கப்படி வலது பக்கத்துக்குப் பெயர்ப் பட்டியலை எடுத்து வந்தேன். பெரிய கிராணி அதை வாங்கி, தன் பெயருக்கு மேலே, இருபத்திரண்டுக்கும் இருபத்து மூன்றுக்கும் நடுவே இடம் போதாமல் இடுக்கி, கையால் ஒரு பெயர் எழுதினார்.

"கையெழுத்துப் போடு. சோமு காத்துக்கிட்டிருக்கான்."

பதினாலு மாதத்தில் அந்தப் பக்கத்தில் என் பேனா பட்டது அன்றுதான். பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டேன், தேதி போட்டேன். வேறொன்றும் எழுதவில்லை.